சுருதியோடு சேராத சீட்டுகள்

நான் முன்கோபக்காரன். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது, இல்லாவிட்டால் நான் எழுதப்போவதைப் படிப்பவர்கள் என்னை ஏதோ பொறுமைசாலி என்று நினைத்துவிடுவார்கள். கோபத்தோடு கூட இன்னொரு வியாதியும் எனக்கு உண்டு. அச்சில் இருப்பதை நம்புவேன். மாட்டுங்காவில் ஒரு தமிழ் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவனாக இருந்தேன். தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கோர்க்க வேண்டும், சொந்த மூளையைச் செலுத்தக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடம் வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். தாராவியில் ஒரே அறை வீடு. கல்யாணமாகி இரண்டு வருஷம். என் மனைவி திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளியில் படித்தவள். அங்கே காலால் மிதிக்கும் ஆர்மோனியத்தில் ஞானப்பாட்டுகளை நொட்டேஷன் பார்த்து வாசிக்கப் பழகியிருந்தாள். செம்பூரில் ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சருக்கு உதவியாக ஒரு பெண் தேவை என்று சபையில் கேள்விப்பட்டு எழுதிப்போட்டாள். கூப்பிட்டுவிட்டார்கள். நொட்டேஷன் வாசிப்பது ஒரு பரீட்சை, அதில் அவளுக்குப் பயமில்லை. இன்னொன்று காதுப் பரீட்சை. பியானோவில் மூன்று நான்கு கட்டைகளை ஒன்றாக அமுக்குவார்கள். அப்படிச் சேர்ந்து ஒலிப்பதற்குக் கார்டு என்று பெயர். அவள் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, அது மேஜரா, மைனரா, டிமினிஷா, செவன்த்தா என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் நாலு குரலில் பாடும்போது எந்தக் குரல் பிசகுகிறது என்று கண்டுபிடிக்க அந்தக் காது வேண்டுமாம்.

அந்த வேலை அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை நான் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் விளங்காது. பம்பாய்க்கு வந்த நாளிலிருந்து அவள் வெறும் "இன்னார் வீட்டுக்காரி". குழாயடியில், ரேஷன் வரிசையில், சபையில், எங்கே போனாலும் அதுதான் பேர். ஊரில் அவள் வாசித்தால்தான் ஆராதனை தொடங்கும். "எனக்குன்னு ஒரு வேலை தெரியும்லா, அதை எங்கயாவது ஒரு இடத்துல செய்யணும்" என்று ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் பேசியதில்லை. கடிதம் வந்த அன்று அதை மடித்துப் பைபிளுக்குள் வைத்தாள்.

மாட்டுங்காவில் ஒரு கோவாக்கார அம்மா பியானோ சொல்லிக்கொடுப்பார். எங்கள் அச்சகத்தில் நிகழ்ச்சித் தாள் அடிக்க வந்த பழக்கத்தில் நான்தான் அவரிடம் கூட்டிப்போனேன். வாரத்துக்கு ஒரு நாள், ஆறு வாரம். முதல் வாரமே அவர் விஷயத்தை எளிதாக்கிச் சொன்னாராம். மேஜர் காலை ஊன்றி நிற்கும். அதன் நடுச்சுரத்தை அரைச் சுரம் இறக்கினால் மைனர், முகம் வாடிப்போகும். மேல் சுரத்தையும் அரைச் சுரம் இறக்கினால் டிமினிஷ், மூச்சுப் பிடித்த மாதிரி இறுகும். செவன்த் என்பது மேஜருக்கு மேலே இன்னொரு சுரம் ஏற்றியது, ஞானப்பாட்டின் கடைசி அடியில் கடைசி கார்டுக்கு முந்தி வருமே, அது. இதோ முடியப்போகிறது, முடியட்டும் என்று தவிக்கும். என் மனைவி முதல் நாளே இருபதில் பதினேழு சரியாகச் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து எனக்கு அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

தினமும் யாராவது அமுக்கிக் கேட்டுப் பழக வேண்டும் என்று அந்தக் கோவாக்கார டீச்சர் பதினாறு சீட்டு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு கார்டின் பெயர், அதன் கட்டைகளின் ஆங்கில எழுத்து, அரைச் சுரம் தாழ்ந்த கறுப்புக் கட்டைக்கு ஃபிளாட் என்ற குறி. தானே அமுக்கினால் என்ன அமுக்குகிறோம் என்று முன்பே தெரிந்துபோகும், காது சோம்பிக்கிடக்கும். ஆகவே அமுக்குகிற வேலை எனக்கு. ஜெபக்கூட்டத்து ஆர்மோனியம் எங்கள் வீட்டில்தான் இருந்தது. நான் கீர்த்தனை பாடுகிறவன், அதனால் அது என் பொறுப்பு. அச்சகத்திலிருந்து ஆங்கில எழுத்துகளைச் சின்னதாக அடித்துக் கொண்டுவந்து கட்டைகளின் மேல் ஒட்டினேன். ஒட்டி முடித்தபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

இங்கேதான் நான் புத்திசாலித்தனம் காட்டினேன். அவள் உட்காருவதற்கு முன் நான் மட்டும் சீட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். வழக்கம்போல் சுருதிக் குமிழை வெளியே இழுத்துவிட்டிருந்தேன், இழுத்துவிட்டால் கட்டையைத் தொடாமலே ஒரு சுரம் விடாமல் ஒலிக்கும். எங்கள் வீட்டில் அந்தக் குமிழ் உள்ளே போனதே கிடையாது, கேட்டுக் கேட்டு அப்படி ஒரு சத்தம் இருப்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது. அவளுக்குப் பாட வசதி ஐந்தரைக் கட்டைச் சுருதி, அதனால் அந்தக் குமிழ். துருத்தியைப் போட்டால் முதலில் சுருதி எழும்பும், அதன்மேல்தான் மற்றதெல்லாம். சுருதி இல்லாமல் பாடுகிறவனை எங்கள் கூட்டத்தில் மனுஷனாக மதிக்கமாட்டோம். இப்படி அமுக்கியதில் பதினாறில் ஒன்பது சீட்டு சுருதியோடு சண்டை போட்டது, கேட்கச் சகிக்கவில்லை. கோவாக்கார அம்மாவுக்குப் பியானோ தெரியலாம், சுருதி சுத்தம் தெரியாது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்த ஒன்பதையும் ஒதுக்கி, எங்கள் அச்சகத்தில் அடித்த பழைய பஞ்சாங்கம் ஒன்றுக்குள் செருகினேன். ஏழு சீட்டு சுருதியோடு பாலும் தேனுமாக இழைந்தது. மேஜர் இரண்டு, மைனர் இரண்டு, செவன்த் இரண்டு, டிமினிஷ் ஒன்றே ஒன்று. அவ்வளவு போதும், சுத்தமாகப் பழகட்டும் என்று முடிவுகட்டினேன். அவளிடம் இதைச் சொல்லவில்லை. டீச்சரைப் பற்றிக் குறை சொன்ன மாதிரி ஆகுமே.

தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் பயிற்சி. அவள் சுவரைப் பார்த்து நிற்பாள். வெளியே மழை, பக்கத்து வீட்டில் தகரம் தட்டுகிற சத்தம். மேஜர், மைனர் இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தகராறு மற்ற இரண்டில். டிமினிஷ் சீட்டை அமுக்கினேன். "செவன்த்" என்றாள். தப்பு என்றேன். கொஞ்சம் கழித்து அதையே அமுக்கினேன். யோசித்து, "செவன்த்தான்" என்றாள். தப்பு. அடுத்து உண்மையான செவன்த் ஒன்றை அமுக்கினேன். "அப்போ இது டிமினிஷா?" என்றாள். அதுவும் தப்பு.

"இங்கேருங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்று திரும்பினாள். "முதல்ல அமுக்கினதும் இப்ப அமுக்கினதும் ஒரே சத்தம்."

எனக்குச் சுரீரென்றது. சீட்டு இரண்டையும் எடுத்து அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். "ஏட்டி, கண்ணு இருக்குல்லா? இதுல மூணு கட்டை, அதுல நாலு கட்டை. மூணும் நாலும் எப்படி ஒண்ணாகும்?"

அவள் இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். டிமினிஷில் சி, இ ஃபிளாட், ஜி ஃபிளாட். செவன்த்தில் அதே மூன்றும், அடியில் ஏ ஃபிளாட்டும். மூன்றும் நான்கும் வேறுதான், அவளால் மறுக்க முடியவில்லை. அவளும் எழுத்தை நம்புகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைதானே. "எனக்கு ஒண்ணாத்தான் கேக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் சுவரைப் பார்த்து நின்றாள்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கே விளங்காத குழப்பம். பழகப் பழக அவளுக்குத் தெளிய வேண்டியதுதானே நியாயம்? தலைகீழாகப் போனது. நான் அமுக்குகிற டிமினிஷின் சத்தத்தை டிமினிஷ் என்று மனப்பாடம் செய்தாள், அடிச்சுரம் கூடுதல் கனமாகக் கேட்டால் மட்டும் செவன்த் என்று வைத்துக்கொண்டாள். மாட்டுங்காவுக்குப் போனால் டீச்சர் செவன்த் வாசித்ததும் இவள் டிமினிஷ் என்பாள். டீச்சர் டிமினிஷ் வாசித்தால், இந்தச் சத்தத்தை நான் வீட்டில் கேட்டதே இல்லையே, இது நாலில் எது என்று விழிப்பாள். முதல் வாரம் பதினேழு. நாலாவது வாரம் பதினொன்று. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்பாள். நான் அமுக்குவேன், திருத்துவேன், சத்தம் போடுவேன். ஒருநாள், உன் காதில் மழைத்தண்ணி போயிருக்கும், போய் டாக்டரிடம் காட்டு என்றுகூடச் சொல்லிவிட்டேன். அவள் நிஜமாகவே சயானில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் நின்று காட்டிவிட்டு வந்தாள். காதில் ஒன்றுமில்லை என்றார்களாம். ஒன்றுமில்லை என்று கேட்டதும் அவளுக்கு இன்னும் பயம் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் சபையில் எல்லோரும் பாட, அவள் உதட்டை மட்டும் அசைத்ததைக் கண்டேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

செம்பூர்ப் பரீட்சைக்கு முந்தின நாள் கடைசி வகுப்பு. மத்தியானம் போய்விட்டு வந்தவள், பழகப் பழக மோசமாகிறாய், இந்தத் தடவை விட்டுவிட்டால் என்ன என்று டீச்சர் கேட்டதாக அச்சக வாசலில் வந்து சொன்னாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்தது பார் கோபம்! ஆறு வாரம் சொல்லிக்கொடுத்துவிட்டு முந்தின நாள் இப்படியா சொல்வது? அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வேலை முடிந்ததும், அவள் கண்ணில் படாதபடி எப்போதும் என் சட்டைப்பையில் வைத்திருந்த சீட்டுக் கட்டோடு நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன். மாடி ஏறும்போதே இந்தியில் என்னென்ன சொல்ல வேண்டும் என்று கோர்த்துக்கொண்டு போனேன்.

அவர் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, நீங்கள் வீட்டில் எப்படி அமுக்குகிறீர்கள், இங்கே அமுக்கிக் காட்டுங்கள் என்றார். அமுக்கினேன். சி, இ ஃபிளாட், ஜி ஃபிளாட். என் வீட்டு டிமினிஷ் வரவில்லை. ஒல்லியாக, இறுக்கமாக, பாதியில் அறுந்த மாதிரி என்னவோ ஒன்று வந்தது. திரும்ப அமுக்கினேன், அதேதான். உங்கள் பியானோவில் ஏதோ குறைகிறது, சுருதி எங்கே என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. நான் வாயால் சுருதியை முனகிக் காட்டினேன். அவர் என் குரலைத் தேடிக்கொண்டே விரலை நகர்த்தி, கீழே ஒரு கறுப்புக் கட்டையை அமுக்கிப் பிடித்தார். நான் மேலே மூன்றையும் அமுக்கினேன். வந்துவிட்டது, அப்படியே என் வீட்டுச் சத்தம். "இதுதான் டிமினிஷ்" என்றேன், ஜெயித்துவிட்ட மாதிரி.

"அரே, யே தோ செவன்த் ஹை" என்றார் அவர், அட, இது செவன்த் ஆயிற்றே என்று.

என் விரல்களை எடுக்கவிடாமல், தன் விரலை மட்டும் எடுத்தார். டிமினிஷ். வைத்தார். செவன்த். எடுத்தார், வைத்தார். அந்தக் கறுப்புக் கட்டையின் பெயர் என்ன என்று கேட்டேன். ஏ ஃபிளாட் என்றார். நாங்கள் ஐந்தரை என்று சொல்வதும் அவர்கள் ஏ ஃபிளாட் என்று எழுதுவதும் ஒரே கட்டை. கட்டைக்கு மேல் எழுத்து ஒட்டத் தெரிந்த எனக்குக் குமிழுக்கும் ஒன்று ஒட்டத் தோன்றவில்லை. நான் மூன்று அமுக்கியபோதெல்லாம் நாலாவதைக் குமிழ் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. செவன்த்தை அமுக்கியபோது அடியில் அதே சுரம் இரண்டு தரம் கேட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் ஒன்றுதான். அவள் சொன்னது அட்சர சுத்தமான உண்மை. அந்த ஒன்பது சீட்டைப் பற்றிச் சொன்னபோது டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அதில் இருந்த மற்ற மூன்று டிமினிஷையும் சுருதி இல்லாமல் கேட்டிருந்தாலே அவளுக்குப் புரிந்திருக்கும் என்றார். உடனே வீட்டுக்குப் போங்கள், மனைவியிடம் சொல்லுங்கள், குமிழை அடைத்துவிட்டு ஒரு மணி நேரம் அமுக்கிக் காட்டுங்கள், அவள் காது நல்ல காது, முதல் நாளே எனக்குத் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்.

மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை நடந்தே வந்தேன். மழை விட்டிருந்தது. தலைக்குள் மட்டும் ஒரே இரைச்சல். எப்படித் தொடங்குவது? நான்தான் கெடுத்தேன் என்றா? இப்போது சொன்னால் ஏற்கெனவே குழம்பியிருப்பவள் இன்னும் குழம்புவாள், நாளைக்குப் பரீட்சையில் எதையும் சொல்லமாட்டாமல் நிற்பாள், முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம், அதுதான் அவளுக்கு நல்லது. தெருமுனை வருவதற்குள் இப்படி ஒரு நியாயம் கிடைத்துவிட்டது. அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு வெட்கம் என்று அன்றைக்கு நான் பிரித்துப் பார்க்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், முழுக்க வெட்கம்தான்.

அவள் சோறு வடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்ன சொன்னாவ என்று கேட்டாள். பயப்படாதே என்று சொன்னார் என்றேன். பிறகு அவள் என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்குக் காது கெட்டுப் போச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னிக்குப் பழக வேண்டாம். சாப்ட்டுட்டுப் படு" என்றேன். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பஸ் பிடித்துச் செம்பூர் போனோம். பள்ளிக்கூடத்தில் என்னை வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். ஜன்னல் திறந்திருந்தது. நொட்டேஷன் வாசித்தாள், தங்குதடையில்லை. கேட்க எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு நாற்காலி நகரும் சத்தம். காதுப் பரீட்சை. முதல் கார்டு, மேஜர் என்றாள். அடுத்தது மைனர். சரி, சரி என்று நான் விரல்விட்டு எண்ணினேன். மூன்றாவது கேட்டது. தவித்துக்கொண்டு நின்றது, முடியட்டும் முடியட்டும் என்று. ஒரே நாளில் எனக்கே அடையாளம் தெரிந்துவிட்டது, செவன்த். "டிமினிஷ்" என்றாள் என் மனைவி.

அடுத்தது இறுகிப்போன அந்த ஒல்லிச் சத்தம். நிஜ டிமினிஷ். அவள் தெரியவில்லை என்றாள். இன்னொரு தடவை வாசித்துக் காட்டினார்கள். தெரியவில்லை. அதற்கடுத்தது மறுபடியும் செவன்த். "செவ" என்று தொடங்கியவள் நிறுத்தினாள். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நிறுத்திவிட்டு, டிமினிஷ் என்று மாற்றிச் சொன்னாள். நான் எழுந்தேன். ஜன்னல் நாலடி தூரம். ஒரு வார்த்தை போதும், குமிழை நான் இழுத்துவிட்டிருந்தேன் என்று கத்தினால் அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிடும். சும்மா இருக்கிற நேரமெல்லாம் கத்துகிற வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. திரும்பப் பெஞ்சிலேயே உட்கார்ந்தேன்.

தலைமை சிஸ்டர் வாசல் வரை வந்து, வாசிப்பு மிக நன்றாக இருக்கிறது, ஆனால் பிள்ளைகளைப் பாடவைக்கக் காதுதான் முக்கியம், மன்னிக்க வேண்டும் என்று தன்மையாகச் சொன்னார். என் மனைவி வணக்கம் சொன்னாள். நானும் சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். குர்லா தாண்டியதும் வாயைத் திறந்தேன். அந்த ஐந்தாவது கார்டு, செவன்த் என்று சொல்ல வந்தாயே, ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

"எனக்குக் கேட்டது செவன்த்துதான்" என்றாள். "நீங்க அமுக்கியிருந்தா தப்புன்னு சொல்லியிருப்பிய. அதான் மாத்திட்டேன்."

அதற்கு மேல் என்னால் அடக்கமுடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குமிழ், ஐந்தரைக் கட்டை, ஒதுக்கிவைத்த ஒன்பது சீட்டு, டீச்சர் விரலை எடுத்து எடுத்து வைத்தது. நீ சொன்னதுதான் சரி, உன் காது சுத்தமான காது, நான்தான் முட்டாள் என்றேன். பஸ்ஸில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது. அவள் முகத்தில் முதலில் வந்தது ஒரு நிம்மதி. காது கெடவில்லை என்கிற நிம்மதி. அது கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர் உங்களுக்கு எப்போ சொன்னாவ?"

"நேத்து சாயங்காலம்."

"நான் கேக்கதுக்கு முன்னாலயா, பொறவா?"

பொய் சொல்லியிருக்கலாம். "முன்னால" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சயானில் இறங்க வேண்டிய இடம் வந்தது. எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"வேலை போனா போட்டும்" என்றாள். "ஆறு வாரமும் உங்களுக்குத் தெரியாது, அது சரி. நேத்து ஒரு ராத்திரி தெரியும்லா?"

முன்னால் இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன்.